நாலு ஊர், ஒரு பிரசன்டேஷன்: ஒருவர் ஸ்லைடை ஒருவர் அழிக்காமல் சேர்ந்து வேலை செய்வது எப்படி

போன ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, கூடலூர் அக்காவின் இரண்டு மணி நேர உழைப்பை ஒரே ஒரு பொத்தானை அழுத்திக் காணாமல் போக்கினேன். அழுத்தியது `Delete` கூட இல்லை. `Restore`. என்னுடைய ஒரே ஒரு ஸ்லைடைக் காப்பாற்றத்தான் அழுத்தினேன்.

நாங்கள் நான்கு பேர். நான் கோத்தகிரி. அக்கா கூடலூர். ஒரு தம்பி குன்னூர். ஊட்டியில் ஒரு அண்ணன், அவரிடம் அலுவலகக் கணினி மட்டும்தான். ஹட்டிகள் என்று சொல்லும் மலைக் கிராமங்களைச் சுற்றி இருக்கிற ஊற்றுகளைக் கணக்கெடுத்து, வாளியும் ஸ்டாப்வாட்சும் வைத்து நீர் வரத்தை அளந்து, 26 ஸ்லைடில் ஊட்டியில் ஒரு கூட்டத்தில் காட்டவேண்டும். அக்கா பக்கம் தென்மேற்குப் பருவமழை, எங்கள் பக்கம் வடகிழக்கு. ஆக ஆனியிலிருந்து கார்த்திகை வரை யாராவது ஒருவர் வீட்டில் மரம் விழுந்து கரண்ட் போயிருக்கும், டவர் படுத்திருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் நெட்டில் இருப்பது என்பது எங்களுக்கு அமாவாசைக்கு ஒரு தடவை மாதிரி. கீழே சொல்லும் முறை அந்த நிலைமைக்கு ஏற்ப அமைந்தது. கூகுள் ஸ்லைட்ஸை வைத்துச் சொல்கிறேன். பவர்பாயிண்டிலேயே வேலை செய்பவர்களுக்குப் பின்னால் ஒரு பகுதி உண்டு.

## முதலில்: கோப்பு ஒன்றுதானா என்று பாருங்கள்

சண்டை பெரும்பாலும் ஸ்லைடுக்குள் வருவதில்லை. இரண்டு கோப்பு இருப்பது தெரியாமல் இரண்டு பேர் ஆளுக்கொன்றில் வேலை செய்வதால்தான் வருகிறது.

எங்களுக்கு இப்படித்தான் ஆனது. முதல் நகலை யாரோ வாட்ஸ்அப்பில் `.pptx` ஆக அனுப்பியிருந்தார்கள். தம்பி அதை டிரைவில் ஏற்றித் திறந்தான். மேலே கோப்புப் பெயர் பக்கத்தில் `.PPTX` என்று சின்னதாக ஒரு முத்திரை இருந்தது, அவன் கவனிக்கவில்லை. பிறகு `File > Save as Google Slides` கொடுத்தான். அது இருக்கிற கோப்பை மாற்றாது, புதிதாக இன்னொன்றை உண்டாக்கும். பழையது அப்படியே கிடக்கும். அன்றிலிருந்து டிரைவில் ஒரே பெயரில் இரண்டு. அக்காவிடம் இருந்த லிங்க் பழையதற்கு, தம்பியிடம் இருந்தது புதியதற்கு. மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆகவே தொடக்கத்திலேயே கூகுள் ஸ்லைட்ஸ் வடிவில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த `.pptx` கோப்பை `palaiyathu` என்ற ஃபோல்டருக்குத் தள்ளிவிடுங்கள். அழிக்கவேண்டாம், கண்ணில் படாமல் இருந்தால் போதும். கோப்பின் பெயரில் `final` என்ற சொல் வரவே கூடாது. அந்தச் சொல் ஒரு தடவை வந்துவிட்டால் `final2`, `final_new` என்று குட்டி போடும். எங்கள் கோப்பின் பெயர் `ootru`, கடைசி வரை அவ்வளவுதான். எந்தப் பதிப்பு என்பதைக் கோப்பின் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அதற்குத் தனி இடம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பகிரும்போது, லிங்க் வைத்திருக்கும் யாரும் திருத்தலாம் என்று திறந்துவிடாதீர்கள். அப்படி லாகின் செய்யாமல் உள்ளே வருகிறவர் செய்த மாற்றம் பதிப்புப் பட்டியலில் பெயரில்லாமல் நிற்கும். 'இதை யார் மாத்தினது?' என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. `Share` அழுத்தி ஒவ்வொருவர் மின்னஞ்சலையும் போட்டு `Editor` கொடுங்கள். வெறும் கருத்து சொல்ல வருகிறவர்களுக்கு `Commenter` போதும். அங்கேயே பல்சக்கரப் படத்தை அழுத்தினால் `Editors can change permissions and share` என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் யாராவது வெளியாளை உள்ளே சேர்ப்பது அதனால் நிற்கும்.

## ஸ்லைடுக்கு ஒரு சொந்தக்காரர்

கூகுள் ஸ்லைட்ஸில் ஒரு ஸ்லைடை மட்டும் பூட்டிவைக்க வழி இல்லை. `Editor` என்றால் எல்லா ஸ்லைடிலும் கைவைக்கலாம். பூட்டு இல்லாத வீட்டில் பெயர்ப்பலகைதான் பூட்டு.

நாங்கள் செய்வது இது. ஒவ்வொரு ஸ்லைடிலும், ஸ்லைடின் விளிம்புக்கு வெளியே தெரியும் சாம்பல் நிறப் பகுதியில், ஒரு சின்ன எழுத்துப் பெட்டி வைக்கிறோம். அதில் சொந்தக்காரர் பெயரும் நிலைமையும் இருக்கும்: 'அக்கா – எழுதிக்கொண்டிருக்கிறேன்', 'தம்பி – முடிந்தது, பார்க்கலாம்'. ஸ்லைடுக்கு வெளியே இருப்பதால் திரையில் காட்டும்போதும் பிடிஎஃப்பிலும் வராது. திருத்துகிறவர் கண்ணுக்கு மட்டும் படும். பெட்டியின் எந்த ஓரமும் ஸ்லைடுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நுழைந்த துண்டு கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பவர்பாயிண்டிலும் இதே வித்தை வேலை செய்யும்.

அடுத்தவர் ஸ்லைடில் தப்பு பார்த்தால் திருத்தாதீர்கள். `Ctrl+Alt+M` அழுத்திக் கருத்து போடுங்கள். அதில் `@` போட்டு அவர் மின்னஞ்சலைச் சேர்த்தால், அந்த வேலையை அவருக்கே ஒதுக்கவும் ஒரு டிக் வரும். ஒரு எழுத்துப்பிழைக்கு இவ்வளவா என்று தம்பி சலித்துக்கொண்டான். எழுத்துப்பிழையைத் திருத்தினால் ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் படத்தை ஒருவர் இடதுபுறம் நகர்த்தி, அதே நிமிடம் இன்னொருவர் வலதுபுறம் நகர்த்தினால், கடைசியாக நகர்த்தியவர் இடத்தில்தான் அது நிற்கும். ஒருவர் ஸ்லைடையே அழித்துவிட்டால், அதற்குள் இன்னொருவர் தட்டிக்கொண்டிருந்ததும் சேர்ந்து போய்விடும்.

அதனால்தான் எங்கள் குழுவில் யாரும் எந்த ஸ்லைடையும் அழிப்பதில்லை. வீட்டில் பழைய அண்டாவைப் பரணில் போடுவது போல, வேண்டாத ஸ்லைடைக் கோப்பின் கடைசிக்கு இழுத்துவிடுகிறோம். கடைசியில் 'பரண்' என்று தலைப்பு மட்டும் போட்ட ஒரு ஸ்லைடு இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறதெல்லாம் வேண்டாதது. இழுத்ததும் வலது கிளிக்கில் `Skip slide` கொடுத்துவிட்டால் காட்டும்போது தாண்டிப் போய்விடும். 26 ஸ்லைடு கோப்பில் பரணில் மட்டும் 19 சேர்ந்தது ஒரு கட்டத்தில். பரவாயில்லை. கூட்டம் முடிந்த பிறகு ஒட்டடை அடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே எண் மூன்று ஸ்லைடில் வந்தால் மூன்று சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். 10 லிட்டர் வாளி 40 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர். மறுபடி அளந்தபோது 50 வினாடி ஆனது, அதாவது 12 லிட்டர். அக்கா தன் ஸ்லைடில் மாற்றினார், முன்னுரை ஸ்லைடில் 15 அப்படியே நின்றது. ஆகவே எண்களை எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் வைத்து, வரைபடங்களை `Insert > Chart > From Sheets` வழியாகக் கொண்டுவாருங்கள். ஷீட்டில் எண் மாறினால் வரைபடத்தின் மூலையில் `Update` என்று பொத்தான் தோன்றும், அழுத்தினால் போதும். வாக்கியத்துக்குள் இருக்கும் எண் தானாக மாறாது. அதனால் வாக்கியத்தில் எண்ணை ஒரே ஒரு ஸ்லைடில் மட்டும் எழுதுங்கள்.

## பதிப்புக்குப் பெயர் வைப்பது

கூகுள் தானாகவே பதிப்புகளைச் சேமிக்கிறது, அப்புறம் நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று தோன்றும். சேமிக்கிறதுதான். ஆனால் பட்டியலைத் திறந்தால் வெறும் தேதியும் நேரமும் வரிசையாக நிற்கும். பழையவற்றைச் சில சமயம் ஒன்றோடொன்று சேர்த்தும் விடும். எது நல்ல நிலையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

`File > Version history > Name current version` போய் ஒரு பெயர் கொடுங்கள். நாங்கள் மூன்று சந்தர்ப்பங்களில் பெயர் வைக்கிறோம்: ஒருவர் தன் பங்கை முடித்ததும், வெளியிலிருந்து ஸ்லைடுகளை உள்ளே சேர்ப்பதற்கு முன்னாலும், கூட்டத்துக்கு முந்தின நாள் நிறுத்தும்போதும். பெயர் 'திங்கள் – அக்கா 14–19 முடித்தது' என்பது போல நாளும் ஆளும் செயலும் சேர்ந்திருக்கும். பிறகு பட்டியலில் பெயர் வைத்தவற்றை மட்டும் காட்டச் சொன்னால் ஏழெட்டு வரிதான் இருக்கும்.

பட்டியலைத் திறக்கக் குறுக்குவழி `Ctrl+Alt+Shift+H`. `Editor` உரிமை இருந்தால்தான் தெரியும். `Commenter` ஆக இருக்கிற ஒருவர் 'எனக்கு அந்த மெனுவே வரலை' என்றால் அவர் கணினியில் கோளாறு இல்லை.

## ஒரு ஸ்லைடை மட்டும் மீட்பது

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மாலை 5 மணிக்கு எல்லாம் நன்றாக இருந்தது. 6 முதல் 8 வரை கூடலூர் அக்கா 14 முதல் 19 வரை உள்ள ஸ்லைடுகளில் ஊற்று வாரியாக அட்டவணை போட்டு முடித்துவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டார். 8.15க்கு நான் உட்கார்ந்தேன். என் 11ஆம் ஸ்லைடில் வரைபடத்தின் மேல் ஒட்டியிருந்த குறியீடுகள் எல்லாம் கலைந்து கிடந்தன. நான்தான் 5 மணிக்குப் பிறகு அவசரத்தில் கலைத்திருக்கிறேன். பதிப்புப் பட்டியலைத் திறந்து 5 மணிப் பதிப்பைப் பார்த்தேன், 11 அழகாக இருந்தது. `Restore this version` அழுத்தினேன். 11 வந்துவிட்டது, தூங்கப் போனேன்.

`Restore` ஒரு ஸ்லைடைப் பின்னால் கொண்டுபோவதில்லை. முழுக் கோப்பையும் அந்த நேரத்துக்குக் கொண்டுபோகிறது. அக்காவின் ஆறு அட்டவணையும் 5 மணிக்கு இருந்த வெற்றுத் தலைப்புகளாக மாறிவிட்டன. யாருக்கும் தெரியவில்லை. காலை 9 மணியிலிருந்து 11 வரை தம்பி 3 முதல் 7 வரை வேலை செய்தான். 11.30க்கு அக்கா போன் செய்தார்: "என்னப்பா, என் அட்டவணை எங்கே?"

`Restore` செய்வதும் ஒரு புதிய பதிப்பாகத்தான் பதிவாகிறது. ஆகவே செவ்வாய் 8.10 பதிப்பு எங்கேயும் போய்விடவில்லை, பட்டியலில் இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் அதை மறுபடி `Restore` செய்தால் தம்பியின் காலை வேலை போய்விடும். நல்லவேளையாக அண்ணன், "கை வைக்காதே, முதல்ல நகல் எடு" என்றார். செய்த வரிசை இது:

1. எல்லாருக்கும் போன் செய்து, பத்து நிமிடம் யாரும் தொடவேண்டாம் என்று சொன்னேன். இப்போதைய நிலைக்கு 'புதன் 11.40 – மீட்புக்கு முன்' என்று பெயர் வைத்தேன்.
2. பதிப்புப் பட்டியலில் செவ்வாய் 8.10ஐத் தேடினேன். அந்தத் தேதியின் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்பை அழுத்தி விரித்தால்தான் இடையில் உள்ள நேரங்கள் தெரியும். யார் மாற்றியது என்பது ஆளுக்கொரு நிறத்தில் வரும், அக்காவின் நிறம் எங்கே முடிகிறது என்று பார்த்தேன்.
3. அந்த வரியின் மூன்று புள்ளியை அழுத்தி `Make a copy` கொடுத்தேன். செவ்வாய் ராத்திரி நிலைமை ஒரு தனிக் கோப்பாக வந்தது. பெயர் `meetpu-thaan-thodathe` என்று வைத்தேன்.
4. அந்த நகலில் இடதுபுறப் பட்டையில் 14ஐ அழுத்தி, `Shift` பிடித்து 19ஐ அழுத்தி, `Ctrl+C`.
5. மூலக் கோப்பில் 13ஆம் ஸ்லைடை அழுத்தி `Ctrl+V`. நகலோடு இணைத்துவைக்கவா என்று கேட்டது, இணைக்கவில்லை. இணைத்தால் பிறகு அந்த நகலை நீக்கும்போது தொல்லை.
6. எண்ணிப் பார்த்தேன்: 26ம் 6ம் 32. வெற்றுத் தலைப்பாக நின்ற பழைய ஆறையும் பரணுக்கு இழுத்தேன்.

ஆறாவது படியில் எண்ணுவதை விடாதீர்கள். ஒட்டியது முழுதாக வந்ததா என்பதைக் கண்ணால் பார்ப்பதைவிட எண்ணிக்கை சீக்கிரம் சொல்லும். ஸ்லைடோடு கருத்துகள் சேர்ந்து வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அக்காவின் ஸ்லைடுகளில் முடியாத கருத்து இரண்டு இருந்தன, அவற்றைக் கையால் மறுபடி போட்டோம்.

செவ்வாய் ராத்திரியே நான் இதே முறையில் 5 மணிப் பதிப்பை நகல் எடுத்து 11ஐ மட்டும் ஒட்டியிருந்தால் எதுவுமே நடந்திருக்காது. இப்போது எங்கள் குழுவில் மூலக் கோப்பில் `Restore` அழுத்த யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும்தான். வேலை செய்துகொண்டிருக்கும்போதே தப்பு தெரிந்தால் `Ctrl+Z` தைரியமாக அழுத்தலாம். அது உங்கள் மாற்றத்தை மட்டுமே பின்வாங்கும், பக்கத்தில் அடுத்தவர் தட்டுவதைத் தொடாது.

## நெட் இல்லாத நாளில்

மலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

அரைமணி, ஒரு மணி நேரம் டவர் போகும் என்றால் ஆஃப்லைன் வசதி போதும். குரோமில் `Google Docs Offline` நீட்சி இருக்கவேண்டும். நெட் இருக்கும்போதே கோப்பைத் திறந்து `File > Make available offline` அழுத்தவேண்டும். அழுத்திவிட்டோம் என்று நம்பிப் போகாதீர்கள். வீட்டிலேயே வைஃபையை அணைத்து, தாவலை மூடி, மறுபடி திறந்து பாருங்கள். திறந்தால்தான் கணக்கு. ஆஃப்லைனில் தட்டியது அந்தக் கணினியில் அந்த உலாவியில் மட்டும் காத்திருக்கும். மறுபடி நெட்டில் சேரும்வரை உலாவியின் தரவைத் துடைக்காதீர்கள், வேறு கணினியில் போய்த் தேடாதீர்கள்.

அந்த நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் செய்வது அவர்களுக்குத் தெரியாது. நெட் வந்ததும் இரண்டையும் சேர்க்கும். வெவ்வேறு ஸ்லைடு என்றால் சிக்கல் இல்லை. ஒரே வாக்கியத்தை இரண்டு பேரும் மாற்றியிருந்தால் இரண்டும் பின்னிக்கொண்டு வரும், 'ஊற்றின்நீர் வரத்து வரத்துகுறைந்து' என்கிற மாதிரி. அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் ஆஃப்லைனில் மோதியிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

நாள் முழுக்க நெட் இருக்காது என்றால் நான் ஆஃப்லைனை நம்பமாட்டேன். பங்கை வெட்டி எடுத்துப்போய், திரும்பி வந்து ஒட்டுவதே மேல். அக்கா பந்தலூர்ப் பக்கம் இரண்டு நாள் களத்துக்குப் போகும்போது செய்தது இதுதான். இடப்பட்டையில் 14 முதல் 19 வரை தேர்ந்தெடுத்து `File > Make a copy > Selected slides`. ஆறு ஸ்லைடு மட்டும் கொண்ட கோப்பு வரும், பெயர் `ootru_kudalur_14-19`. அதை ஆஃப்லைனுக்கு வைத்துக்கொண்டார். மூலக் கோப்பில் அந்த ஆறு ஸ்லைடின் வெளிப்பெட்டியிலும் 'வெளியே போயிருக்கிறது – அக்கா, வெள்ளி மாலை வரை' என்று சிவப்பில் எழுதினார். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் முறையே வீண். யாராவது மூலத்தில் 16ஐத் திருத்துவார்கள், வெள்ளிக்கிழமை அது பரணுக்குப் போய்விடும்.

திரும்பி வந்ததும் மூலத்துக்கு முதலில் பெயர் வைத்தார். பிறகு 13ஐ அழுத்தி `File > Import slides` போய், தன் கோப்பைத் தேர்ந்து, ஆறையும் டிக் செய்தார். ஓரத்தில் `Keep original theme` என்று ஒரு டிக் இருக்கும். மூலத்திலிருந்து வெட்டிய ஸ்லைடுதானே, அதை எடுத்துவிடுங்கள். வைத்தால் ஒவ்வொரு தடவையும் அதே தீம் இன்னொரு பிரதியாகக் கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். தீமையும் தலைப்பு எழுத்துருவையும் மாற்றும் வேலை ஒருவரிடமே இருக்கட்டும், அது ஒரே சொடுக்கில் எல்லார் ஸ்லைடையும் மாற்றும் இடம். அப்புறம் எண்ணிக்கை, பழைய ஆறு பரணுக்கு, சிவப்புக் குறிப்பு நீக்கம்.

## பவர்பாயிண்டில் மட்டும் வேலை செய்யும் அண்ணன்

ஊட்டி அண்ணனின் அலுவலகக் கணினியில் கூகுள் திறக்காது. அவருக்கு அவர் பங்கு நான்கு ஸ்லைடை மட்டும் மேலே சொன்னபடி வெட்டி, `File > Download` வழியாக `.pptx` ஆக மின்னஞ்சலில் அனுப்பினோம். முழுக் கோப்பையும் அனுப்பாதீர்கள். முழுசாகக் கொடுத்தால் முழுசாகத் திரும்பி வரும், எதை மாற்றினார் என்று 26 ஸ்லைடிலும் தேடவேண்டும். திரும்பி வந்ததை `Import slides` பெட்டியின் `Upload` தாவலில் நேரடியாகக் கொடுக்கலாம். டிரைவில் தனியாக ஏற்றவேண்டியதில்லை, ஏற்றினால் பழைய இரட்டைக் கோப்புக் கதைதான்.

தமிழுக்கு மட்டும் உள்ள ஒரு வில்லங்கம் இங்கே வரும். அண்ணன் இருபது வருடமாகப் பாமினியில் தட்டுகிறவர். பாமினி யூனிகோடு இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் 'தமிழ்' என்பது `jkpo;` என்று தெரியும். எழுத்துருவை மாற்றினால் சரியாகாது, உரையையே யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுக்கவேண்டும். முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எழுத்துருவையும் முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள். விண்டோஸில் இருக்கும் லதா கூகுளில் கிடையாது, வேறொன்று வந்து உட்காரும், வரிகள் பெட்டியை விட்டு வழியும். நோட்டோ சான்ஸ் தமிழ் கூகுளில் இருக்கிறது, இலவசமாக இறக்கி அண்ணன் கணினியிலும் நிறுவலாம்.

குழு முழுக்கப் பவர்பாயிண்ட் என்றால் கோப்பை ஒன்டிரைவில் வைத்து, அங்கிருந்தே எல்லாரும் திறந்து, இடது மேல்மூலையில் `AutoSave` ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழக்கதோஷத்தில் பழைய கோப்பைத் திறந்து மாற்றிவிட்டு, கடைசியில் வேறு பெயரில் சேமிக்கலாம் என்று நினைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். `AutoSave` ஓடும்போது தட்டத் தட்ட மூலமே மாறுகிறது. நகல் வேண்டுமென்றால் கை வைப்பதற்கு முன்னால் `File > Save a Copy`. நெட் இல்லாதபோது இரண்டு கணினியில் மாற்றி ஒன்டிரைவால் சேர்க்க முடியாமல் போனால், கோப்புப் பெயரின் வாலில் கணினியின் பெயர் ஒட்டிய இன்னொரு பிரதி ஃபோல்டரில் தோன்றும். அதை அழிக்காதீர்கள், யாருடைய வேலையோ அதில் இருக்கிறது. சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் கடைசி 25 பதிப்புகள்தான் திரும்பக் கிடைக்கும் என்பதால் முக்கியமான கட்டங்களில் ஒரு நகல் எடுத்துவைப்பது நல்லது.

அந்த வால் பிரதியைச் சேர்க்கப் பவர்பாயிண்டில் ஒரு நல்ல கருவி உண்டு, கூகுள் ஸ்லைட்ஸில் இல்லாதது. மூலத்தைத் திறந்து `Review > Compare` அழுத்தி, வால் பிரதியைக் காட்டுங்கள். வலதுபுறம் மாற்றங்கள் வரிசையாக வரும். வேண்டியதற்கு டிக் போட்டு ஏற்கலாம், வேண்டாததை விடலாம். எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் `End Review`. அதை அழுத்தினால் ஏற்காமல் விட்ட மாற்றங்கள் போய்விடும், பின்வாங்க முடியாது. அதனால் தொடங்கும் முன் மூலத்துக்கு ஒரு நகல்.

## நிறுத்தும் நேரம்

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 6 மணிக்கு நிறுத்துவது என்று வைத்திருக்கிறோம். 'கடைசியா ஒரே ஒரு ஸ்லைடு' என்று ராத்திரி 11 மணிக்கு ஒருவர் நுழைவார், அதை வாயால் தடுக்க முடியாது. அதனால் 6 மணிக்குப் பதிப்புக்குப் பெயர் வைத்ததும், `Share` போய் என்னைத் தவிர மற்ற எல்லாரையும் `Commenter` ஆக்கிவிடுகிறேன். மாற்றம் வேண்டுமென்றால் கருத்தாக வரும், நான் ஒருவனே போடுவேன். பரண் ஸ்லைடுகள் எல்லாவற்றுக்கும் `Skip slide` இருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பேன். பிறகு `.pptx` ஒன்று, பிடிஎஃப் ஒன்று இறக்கிப் பென் டிரைவில். கூட்ட அரங்கில் நெட் இருக்கும் என்று ஊட்டியில் யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். `.pptx` ஐ அண்ணன் கணினியில் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்வேன், வரிகள் வழிந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

கூட்டத்தன்று காலை அரங்கில், திரையை இறக்குவதற்குள், அக்கா முன்னுரை ஸ்லைடில் இன்னும் 15 லிட்டர் நிற்பதைப் பார்த்துவிட்டார். பென் டிரைவில் இருந்த பிரதியிலேயே 12 என்று மாற்றினோம். தம்பி உடனே கையில் இருந்த பேருந்து டிக்கெட்டின் பின்னால் எழுதினான்: 'ஸ்லைடு 2, 15 → 12'. சாயங்காலம் கோத்தகிரி வந்து சேர்ந்ததும் அந்த டிக்கெட்டைப் பார்த்து மூலக் கோப்பிலும் 12 ஆக்கி, அந்தப் பதிப்புக்கு 'ஊட்டியில் காட்டியது' என்று பெயர் வைத்தேன். அதன் பிறகுதான் மற்றவர்களை மறுபடி `Editor` ஆக்கினேன்.